வாஷிங் மெஷின் கரண்ட்டை இழுக்கிறதா? மீட்டரின் சிவப்பு விளக்கை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

"மெஷின்தான்டா எல்லாத்தையும் தின்னுது" என்றார் சித்தி, கையில் ஈ.பி. ரசீதோடு. 2023 பிப்ரவரி. மடிப்பாக்கத்தில் அவர் வீடு. ஏசி ஓடாத மாதங்கள், வீட்டுக்கு விருந்தாளி யாரும் வரவில்லை, புதிதாக எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் வழக்கமாக 470 யூனிட் வரும் இடத்தில் 520 வந்திருந்தது. அவர் சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் மெஷினில் எந்தப் பாகமும் கெட்டிருக்கவில்லை. காரணம் வேறு இடத்தில் இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. வாஷிங் மெஷினில் கரண்ட் போவது இரண்டு இடத்தில். ஒன்று டிரம்மைச் சுற்றும் மோட்டார், இன்னொன்று தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர். மோட்டார் துவைக்கும்போது சராசரியாக நூறு, இருநூறு வாட்தான் எடுக்கும். ஹீட்டர் 1800 முதல் 2000 வாட் வரை எடுக்கும். ஆகவே பில் ஏறுகிறது என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஹீட்டர் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதே.

முதல் வேலை: மெஷின்தானா என்று உறுதி செய்வது

இதற்குத் தனிக் கருவி வேண்டாம். வீட்டு மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதன் அருகில் 3200 imp/kWh என்றோ 1600 imp/kWh என்றோ அச்சிட்டிருக்கும். 3200 என்றால், அந்த விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் ஓடியிருக்கிறது என்று பொருள். மீட்டர் பெட்டியைத் திறக்க வேண்டாம், சீலைத் தொட வேண்டாம். கண்ணால் பார்த்தால் போதும்.

வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ், மோடம், மின்விசிறி, முக்கியமாக இன்வெர்ட்டர். பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் அது சத்தமில்லாமல் இழுக்கும், கணக்கு கெட்டுவிடும். எம்.சி.பி. பெட்டியில் மெஷின் இருக்கும் சர்க்யூட்டை மட்டும் விட்டு மற்றவற்றை இறக்கிவிடுவது இன்னும் சுலபம். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் இரண்டு மணி நேரம் தாங்கும். விளக்கு சிமிட்டுவது நின்றதும் மெஷினைப் போடுங்கள். கைபேசியில் ஒரு நிமிட டைமர் வைத்து எண்ணுங்கள்.

```
வாட் = ஒரு நிமிடச் சிமிட்டல் × 60 × 1000 ÷ மீட்டரில் உள்ள எண்
```

3200 மீட்டரில் நிமிடத்துக்குப் பத்துச் சிமிட்டல் என்றால் சுமார் 190 வாட். அது மோட்டார் மட்டும். நிமிடத்துக்கு நூற்றுக்கு மேல், அதாவது எண்ண முடியாத வேகத்தில் துடித்தால் 2000 வாட் போகிறது, ஹீட்டர் ஓடுகிறது. 1600 மீட்டரில் இவை ஐந்து, ஐம்பத்து மூன்று என்று பாதியாகும். உண்மையில் எண்ணக்கூட வேண்டியதில்லை. ஒன்று சோம்பலாகச் சிமிட்டும், மற்றது படபடக்கும். ஒரு முறை பார்த்துவிட்டால் வித்தியாசம் கண்ணில் நின்றுவிடும்.

முழுச் சலவை முடியும் வரை அங்கேயே நிற்க வேண்டாம். தொடக்கத்திலும் முடிவிலும் kWh எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படபடப்பு எப்போது தொடங்கி எப்போது நிற்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வந்தால் சரி?

ஒப்பிட ஓர் அளவு வேண்டும். அதற்கு ஒரே ஒரு கணக்குப் போதும். சூடாக்க வேண்டிய தண்ணீரை லிட்டரில் எடுத்து, ஏற வேண்டிய டிகிரியால் பெருக்கி, 860-ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். 

7 கிலோ ஃப்ரண்ட் லோடு மெஷினில் சராசரி வீட்டுத் துணி, அதாவது நாலரை கிலோ, போட்டால் சோப்புப் போட்டுத் துவைக்கும் கட்டத்தில் சுமார் 15 லிட்டர் தண்ணீர் இருக்கும். துணியும் எஃகு டிரம்மும் சேர்ந்து சூடேறுவதற்கு இன்னொரு மூன்று லிட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 18. சென்னையில் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்தால், 40 டிகிரிக்குக் கொண்டுபோக 12 டிகிரி ஏற வேண்டும். 18 × 12 ÷ 860 = 0.25 யூனிட். 60 டிகிரி என்றால் 0.67. 90 டிகிரி என்றால் 1.3. இதோடு மோட்டாருக்கும் தண்ணீர் வெளியேற்றும் பம்புக்குமாக ஏறத்தாழ 0.2 யூனிட்டைச் சேர்க்க வேண்டும்.

ஆக, ஒரு சலவைக்கு: சூடில்லாமல் 0.2, நாற்பதில் 0.45, அறுபதில் 0.9, தொண்ணூறில் 1.5. வழியில் இழக்கும் சூட்டுக்காகக் கொஞ்சம் கூடலாம். ஹீட்டர் ஓடும் நேரமும் இதிலிருந்தே வந்துவிடும். 2000 வாட் ஹீட்டர் 0.25 யூனிட்டை ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடும், 0.67 யூனிட்டை இருபது நிமிடத்தில் முடிக்கும். இந்த இரண்டு நேரங்களை நினைவில் வையுங்கள்: நாற்பதுக்கு எட்டு நிமிடம், அறுபதுக்கு இருபது. இதைவிட இரண்டு மடங்கு நேரம் மீட்டர் படபடத்தால் ஏதோ தவறு.

ஊர் மாறினால் எண்ணும் மாறும். ஊட்டியில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி இருக்கும் ஒரு காலையில், அதே 40 டிகிரிக்கு 25 டிகிரி ஏற வேண்டும். ஹீட்டருக்கு மட்டும் அரை யூனிட்டுக்கு மேல் போய்விடும், சென்னையில் ஆகும் செலவைப் போல் இரண்டு மடங்கு. குளிர்நாடுகளில் எழுதப்படும் குறிப்புகள் '30 டிகிரியில் துவையுங்கள், மிச்சமாகும்' என்று சொல்லும். நம் சமவெளி ஊர்களில் குழாயைத் திறந்தாலே கிட்டத்தட்ட அந்த முப்பது வந்துவிடுகிறது. இங்கே 'குளிர்ந்த நீர்' என்ற பெயரே பொருந்தாது.

அறிகுறி: சூடு கேட்கவே இல்லை, ஆனாலும் மீட்டர் படபடக்கிறது

மிகவும் சாதாரணமாகப் பார்ப்பது இதுதான். காட்டன் என்ற புரோகிராமுக்கு டயலைத் திருப்பிவிட்டு ஸ்டார்ட்டை அழுத்துகிறோம். பல ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் அந்தப் புரோகிராமின் தொடக்க வெப்பநிலை 40, சிலவற்றில் 60. Temp என்ற பொத்தானை அழுத்தி Cold அல்லது சூட்டைக் குறிக்கும் விளக்கு எதுவும் எரியாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதையும் பல மெஷின்கள் மறந்துவிடும். ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் பழைய 40-க்கே திரும்பும். வீட்டில் துணி போடுகிறவர் ஒருவர், செட் செய்து காட்டியவர் இன்னொருவர் என்றால், இந்தப் பொத்தான் இரண்டாம் நாளே விட்டுப்போகும். மெஷினில் நமக்குப் பிடித்த அமைப்பைச் சேமித்துவைக்கும் வசதி இருந்தால் ஒரு முறை உட்கார்ந்து அதைச் செய்துவிடுங்கள். இல்லையென்றால் அந்தப் பொத்தானின் பக்கத்தில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பொட்டுதான் ஒட்டியிருக்கிறோம்.

நீராவி, கிருமிநீக்கம், குழந்தைத் துணி என்று பெயர் வைத்த புரோகிராம்களில் சூடு பெரும்பாலும் உள்ளடங்கியிருக்கும். அவற்றில் Temp பொத்தான் வேலை செய்யாமலும் போகலாம். தினமும் போடும் சட்டை, துண்டுக்கு அவை வேண்டாம்.

அறிகுறி: படபடப்பு நிற்கவே மாட்டேன் என்கிறது

சித்தி வீட்டுக்கு வருகிறேன். அவர் மெஷினை 40 டிகிரி காட்டனில் போட்டுவிட்டு மீட்டர் முன்னால் நின்றேன். மூன்றாவது நிமிடம் படபடப்பு தொடங்கியது. எட்டு நிமிடத்தில் நிற்க வேண்டும். பதினைந்து ஆனது, இருபத்தைந்து ஆனது, நிற்கவில்லை. நாற்பத்தைந்தாவது நிமிடத்தில்தான் அடங்கியது. அந்தச் சலவை மட்டும் 1.7 யூனிட். வர வேண்டியது 0.45.

ஹீட்டரை நிறுத்த வேண்டிய வெப்ப உணரி கெட்டிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அப்படியென்றால் தண்ணீர் கொதிநிலையை நெருங்கியிருக்கும், கதவுக் கண்ணாடியைத் தொட முடியாது. கண்ணாடி இளஞ்சூடாகத்தான் இருந்தது. 2000 வாட் முக்கால் மணி நேரம் உள்ளே போகிறது, தண்ணீர் சூடாகவில்லை என்றால், சூடான தண்ணீர் எங்கேயோ வெளியே போகிறது. மெஷினின் பின்னால் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வெளியேறும் ஹோஸ், தரையில் இருந்த சாக்கடைத் துளைக்குள் செருகப்பட்டிருந்தது. அதிலிருந்து வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் மெல்லிய தாரையாக ஒழுகிக்கொண்டிருந்தது. துவைக்கும் கட்டத்தில் அங்கே ஒரு சொட்டும் வரக் கூடாது.

"சித்தி, மெஷினை எப்ப இடம் மாத்துனீங்க?"

"தீபாவளிக்கு முன்னாடி. பாத்ரூம் டைல்ஸ் வேலை நடந்துச்சுல்ல, அப்ப."

டைல்ஸ் வேலைக்கு வந்தவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார். ஹோஸ் மேலே வளைந்து தொங்குவது பார்க்க நன்றாக இல்லை என்று, பின்பக்கக் கிளிப்பிலிருந்து எடுத்துத் தரையில் இறக்கிவிட்டார். அந்த வளைவு அழகுக்காக இருப்பதல்ல. டிரம்மில் நிற்கும் தண்ணீர் மட்டத்தைவிட ஹோஸின் ஒரு பகுதி உயரத்தில் இருந்தால்தான் தண்ணீர் உள்ளே நிற்கும். பம்ப் ஓடும்போது மட்டும் அந்த மேட்டைத் தாண்டி வெளியேறும். மேடு இல்லையென்றால், ஓடாத பம்பின் வழியாகவே தண்ணீர் தானாக வடியும். மட்டம் குறைவதை உணர்ந்து மெஷின் புதுத் தண்ணீரைத் திறக்கும், ஹீட்டர் அதைச் சூடாக்கத் தொடங்கும், அதுவும் வடியும். சோப்பும் இதோடு போவதால் துணியும் சரியாக வெளுக்காது. "வெளுக்கலைன்னு நானும் ரெண்டு ஸ்பூன் சேர்த்துப் போட்டேன்" என்றார் சித்தி.

ஹோஸைத் தூக்கிக் கிளிப்பில் மாட்டி, தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் வளைத்து, பிறகு துளைக்குள் இறக்கினேன். பெரும்பாலான மெஷின்களுக்கு 60 சென்டிமீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் நடுவில் இந்த வளைவு இருக்க வேண்டும். சரியான உயரம் உங்கள் மெஷினின் கையேட்டில் படத்தோடு இருக்கும். ஹோஸின் நுனி துளையை இறுக்கி அடைத்திருக்கவும் கூடாது, காற்றுப் போக இடைவெளி வேண்டும். செலவு ஒரு ரூபாயும் இல்லை. மறுபடி போட்டுப் பார்த்தபோது படபடப்பு ஒன்பதாவது நிமிடத்தில் நின்றது.

இப்போது பில்லைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் நாற்பது சலவை. ஒழுகியபோது 68 யூனிட், ஒழுகாமல் இருந்திருந்தால் 18. வித்தியாசம் ஐம்பதே யூனிட்தான். ஆனால் தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் 500 யூனிட் என்பது ஒரு கோடு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தப் படியே இல்லாமல் போய், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.50 ஆகிவிடும். 500-க்கு மேல் போவதற்கு யூனிட்டுக்கு எட்டு ரூபாய். அதனால் 470 யூனிட்டுக்கு 1545 ரூபாயாக இருந்தது, 520-க்கு 2110 ரூபாய் ஆனது. ஐம்பது யூனிட்டுக்கு 565 ரூபாய். கட்டணம் அதன் பிறகு மாறியிருக்கிறது, ஆகவே உங்கள் ரசீதில் உள்ள விகிதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். நீங்கள் ஒரு படியின் விளிம்பில் இருக்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். விளிம்பில் இருக்கும் வீட்டுக்குத்தான் பத்து யூனிட் மிச்சமும் பெரிய காசு.

அப்புறம் சித்தியின் சம்மதத்தோடு 40-ஐயும் Cold-க்கு மாற்றினோம். இப்போது நாற்பது சலவைக்கு மொத்தமே எட்டு யூனிட்.

ஒரு எச்சரிக்கை. படபடப்பு நிற்காமல், கண்ணாடியும் சுட்டு, சோப்புப் பெட்டியின் இடுக்கில் ஆவியும் வந்தால் அது வேறு கதை. உணரியோ ஹீட்டரின் ரிலேயோ போயிருக்கிறது. பிளக் பாயிண்ட்டின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஆறும் வரை கதவைத் திறக்காமல், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: ஒன்றரை மணி நேரம் என்று காட்டி இரண்டரை மணி நேரம் ஓடுகிறது

நேரம் கூடினால் கரண்டும் கூடும் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. மின்னழுத்தம் குறைவாக இருக்கும் ஊர்களில் இது தினமும் நடக்கும். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் ஹீட்டர், 190 வோல்ட்டில் 1365 வாட்தான் தரும். அதே சூட்டை எட்ட அதற்கு ஒன்றரை மடங்கு நேரம் வேண்டும். மெதுவாகப் போய்ச் சேர்கிறதே தவிர, செலவாகும் யூனிட் ஏறத்தாழ அதேதான். சூடில்லாத சலவையில் ஒரு மணி நேரம் கூடுதலாக டிரம் சுற்றினாலும் 0.1 யூனிட் அளவில்தான் போகும்.

இதனால்தான் நீண்ட நேரம் ஓடும் சிக்கனப் புரோகிராமைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்கிறேன். அது சூட்டைக் குறைத்து, அதற்குப் பதிலாக நேரத்தைக் கூட்டுகிறது. 30 நிமிட விரைவுப் புரோகிராம் 40 டிகிரியில் ஓடினால், இரண்டு மணி நேரம் சூடில்லாமல் ஓடும் சலவையைவிட அதிகம் எடுக்கும்.

நேரம் கடைசிக் கட்டத்தில் மட்டும் கூடினால், அதாவது பிழியத் தொடங்கி நின்று மறுபடி சுற்றினால், துணி ஒரு பக்கமாகக் குவிந்திருக்கிறது. ஒரே ஒரு கனமான போர்வையைத் தனியாகப் போட்டால் இப்படித்தான். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் போடுங்கள், சுமை சமமாகும்.

அறிகுறி: தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் துவைக்கிறோம், ஆனாலும் அதிகம் போகிறது

'கொஞ்சம் துணி என்றால் மெஷினே எடையைப் பார்த்துத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுமே' என்று கேட்கிறார்கள். குறைக்கும், ஆனால் விகிதப்படி குறைக்காது. டிரம்முக்கு அடியில் எப்போதும் நிற்க வேண்டிய தண்ணீர் ஒன்று உண்டு, சுமார் ஆறு லிட்டர் என்று வையுங்கள். அது துணியைப் பொறுத்தது அல்ல. அதற்கு மேல் பருத்தித் துணி ஒரு கிலோவுக்கு இரண்டு லிட்டர் உறிஞ்சும். இரண்டு கிலோ போட்டால் பத்து லிட்டர், ஆறு கிலோ போட்டால் பதினெட்டு. நாற்பது டிகிரியில் இரண்டு கிலோ சலவைக்கு மோட்டாரோடு சேர்த்து 0.38 யூனிட் ஆகிறது, ஆறு கிலோவுக்கு 0.5. மூன்று நாள் இரண்டு இரண்டு கிலோவாகத் துவைத்தால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். மூன்றாம் நாள் ஒரே தடவையாகத் துவைத்தால் அதில் பாதிக்கும் குறைவு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சூடில்லாமல் துவைக்கிறவருக்கு இந்த வித்தியாசம் மிகச் சிறியது. பள்ளிச் சீருடையை இரவே துவைத்தாக வேண்டும் என்றால், Cold-இல் இரண்டு கிலோவாகவே போடலாம், கரண்ட்டுக்காக மனம் வருந்த வேண்டாம். தண்ணீர்தான் கூடுதலாகப் போகும்.

நிரப்புவதிலும் அளவு உண்டு. துணியைப் போட்ட பிறகு டிரம்மின் மேற்பகுதியில் கையை நிமிர்த்தி நுழைக்கும் அளவு இடம் இருக்க வேண்டும். அதையும் அடைத்துப் போட்டால் துணி புரளாது, அழுக்குப் போகாது, மறுபடி துவைப்போம். மறு சலவையைவிட வீண் செலவு வேறில்லை.

அறிகுறி: டாப் லோடு மெஷின், ஹாட் என்று போட்டால் பில் ஏறுகிறது, அல்லது தண்ணீரே வருவதில்லை

நம் வீடுகளில் உள்ள டாப் லோடு மெஷின்களில் பெரும்பாலானவற்றில் ஹீட்டரே கிடையாது. ஹாட் என்பதை அழுத்தினால் சூடு உண்டாகாது, பின்புறம் உள்ள சுடுதண்ணீர்க் குழாயின் வால்வு திறக்கும், அவ்வளவுதான். அந்த இணைப்பில் குழாய் மாட்டியிருக்கவில்லை என்றால் தண்ணீர் வராமல் மெஷின் காத்திருந்து பிழை காட்டும். மெக்கானிக்குக்குச் சொல்லும் முன் குளிர்ந்த நீருக்கு மாற்றிப் பாருங்கள்.

அந்த இணைப்பைக் கீசரோடு மாட்டியிருந்தால், மெஷின் பக்கம் அளந்தால் ஒன்றும் தெரியாது. செலவு கீசரில் நடக்கிறது. 25 லிட்டர் கீசரை ஒரு முறை காலி செய்து 28-லிருந்து 60-க்கு மறுபடி ஏற்ற 0.93 யூனிட். டாப் லோடு ஒரு முறை நிரம்ப ஐம்பது லிட்டர் வாங்கும் என்பதால், சூடு என்ற ஆசை இங்கே ஃப்ரண்ட் லோடைவிடப் பல மடங்கு விலையுள்ளது.

சூடில்லாமல் ஓட்டினால் டாப் லோடுக்கு 0.1, 0.2 யூனிட்தான். அதில் குறைக்க எதுவும் மிச்சமில்லை. ஆனால் ஒரு சலவைக்கு 120, 150 லிட்டர் தண்ணீர் போகிறதே, அதை மாடித் தொட்டிக்கு ஏற்றியது யார்? போர்வெல் மோட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஆயிரம் லிட்டர் ஏற்றி, சுமார் ஒரு யூனிட் எடுத்தால், அந்த 150 லிட்டருக்கு 0.15 யூனிட். மெஷின் எடுத்த அளவுக்குச் சமமாக மோட்டாரும் எடுத்துவிட்டது. எனவே டாப் லோடில் கரண்ட்டைக் குறைக்கும் வழி தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது. துணிக்கு ஏற்ற மட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். சோப்புத் தூளை அளந்து போடுங்கள். நுரை அதிகமானால் ஒரு அலசல் கூடும், அது இன்னொரு ஐம்பது லிட்டர்.

அறிகுறி: ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் பில் ஏறுகிறது

மெஷினில் உலர்த்தும் வசதி இருந்தால் காரணம் அதுதான், தேட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 0.63 யூனிட் வெப்பம் வேண்டும். ஐந்து கிலோ துணி ஆயிரம் சுற்று வேகத்தில் பிழிந்து வந்தபின்னும் சுமார் மூன்று லிட்டர் ஈரம் வைத்திருக்கும். ஹீட்டர் வைத்து உலர்த்தும் மெஷினில் அதற்குக் குறைந்தது 1.9 யூனிட், வீணாகும் சூட்டோடு சேர்த்து இரண்டரை, மூன்று வரை போகும். சூடில்லாத பன்னிரண்டு சலவைக்கு ஆகும் கரண்ட் ஒரே உலர்த்தலில் போகிறது.

மழைக்காலத்தில் மலிவான வழி, பிழியும் வேகத்தை மெஷின் அனுமதிக்கும் உச்சத்துக்கு வைப்பது. அதற்காக மோட்டார் கூடுதலாக எடுப்பது மிகச் சொற்பம். 1400 சுற்றில் பிழிந்தால் அதே துணியில் இரண்டரை லிட்டர்தான் இருக்கும். பட்டு, மெல்லிய துணி மட்டும் விலக்கு. பிறகு அறையில் கொடி கட்டி மின்விசிறியின் கீழ் போடுங்கள். பழைய 75 வாட் விசிறி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட், 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி என்றால் 0.24. உலர்த்தும் பொத்தானை அழுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், முக்கால் பங்கு காய்ந்த துணியை அரை மணி நேரம் மட்டும் போடுங்கள்.

அறிகுறி: சூடில்லாமல் போட்டால் வெளுப்பதில்லை, அதனால் 60-க்குப் போய்விட்டோம்

போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் இந்தப் புகார் நியாயமானது. ஆனால் குற்றவாளி சூடு குறைவு அல்ல, தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு. அது சோப்பின் ஒரு பங்கைச் செயலிழக்கச் செய்கிறது. துண்டு விறைத்துக் கரகரப்பது, வெள்ளைத் துணி சாம்பல் நிறமாவது, கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு, இவை எல்லாம் அதன் அடையாளம். சூட்டை ஏற்றுவதைவிட முதலில் சலவைத்தூளைக் கடின நீருக்கென்று பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவுக்குக் கூட்டிப் பாருங்கள். தூள் கரையாமல் துணியில் ஒட்டுகிறது என்றால் திரவச் சோப்புக்கு மாறலாம். காலர், கைமடிப்பு அழுக்குக்குக் கால் மணி நேரம் முன்பே சோப்பைத் தேய்த்து ஊறவையுங்கள். 28 டிகிரி தண்ணீர் நொதி கலந்த சலவைத்தூளுக்குப் போதுமான சூடுதான்.

இன்னொரு இலவச வழி, கோடையில் நேரத்தை மாற்றுவது. மே மாதம் மதியம் மொட்டைமாடியின் கருப்புத் தொட்டியில் உள்ள தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பழைய தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தபோது எங்கள் வீட்டில் 38 காட்டியது. அந்த நேரத்தில் 40 டிகிரி போட்டாலும் ஹீட்டருக்கு ஒன்றிரண்டு நிமிட வேலைதான். இரத்தக்கறை உள்ள துணியை மட்டும் அப்போது போடாதீர்கள், வெந்நீரில் அந்தக் கறை பிடித்துக்கொள்ளும். காலையில் ஆறிய தண்ணீரில் அலசிவிடுங்கள்.

சுண்ணாம்பு ஹீட்டரில் படிந்தால் கரண்ட் பல மடங்கு கூடும் என்று சர்வீசுக்கு வருபவர்கள் சொல்வதுண்டு. ஹீட்டர் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்கிறது, அது தரும் வெப்பம் படிவைத் தாண்டிக் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது. யூனிட் பெரிதாக மாறாது. மாறுவது ஹீட்டரின் ஆயுள். படிவுக்குள் கம்பி அதிகம் சூடேறி வெடித்துப்போகும். அதைத் தவிர்க்க, கடின நீர் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, துணி போடாமல், நூறு கிராம் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஓட்டுங்கள். பிளீச்சிங் திரவம் எதையும் அதோடு கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். இந்த ஓட்டம் ஒரு யூனிட்டுக்குள் முடியும், எப்போதும் சூடில்லாமல் துவைப்பதால் ரப்பர் வளையத்தில் சேரும் வாடையும் போகும்.

அறுபதுக்கு உண்மையான தேவை உள்ள இடங்களும் இருக்கின்றன. நோயாளியின் படுக்கை விரிப்பு, குழந்தையின் துணி டயப்பர், தூசி ஒவ்வாமை உள்ளவரின் தலையணை உறை. அவற்றைச் சேர்த்துவைத்து வாரத்துக்கு ஒரு முறை நிறையப் போட்டு 60-இல் துவைத்தாலும் மாதத்துக்கு நான்கு யூனிட்டைத் தாண்டாது. தாராளமாகச் செய்யுங்கள்.

அறிகுறி: Cold-இல் நன்றாக ஓடுகிறது, சூடு போட்டதும் மெயின் விழுகிறது

ஹீட்டரின் உறை வெடித்து மின்சாரம் தண்ணீரில் கசிகிறது. மீட்டரில் படபடப்பு தொடங்கும் அதே நொடியில் கசிவுத் தடுப்பு சுவிட்ச் விழுந்தால் சந்தேகமே வேண்டாம். சுவிட்சை மறுபடி மறுபடி ஏற்றிப் பார்க்காதீர்கள், அதைத் தாண்டி நேராக இணைக்கவும் விடாதீர்கள். Cold-இல் சுவிட்ச் விழவில்லை என்பதற்காகத் தொடர்ந்து ஓட்டவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவைத்துவிட்டு ஹீட்டரை மாற்றச் சொல்லுங்கள். மெக்கானிக் வரும்போது பிளக் பாயிண்ட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் கையோடு பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: மெஷின் ஓடாத நாளிலும் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது

சுவிட்ச் போர்டில் ஆன் செய்தே விட்ட மெஷின் ஒரு வாட், வைஃபை உள்ளது என்றால் இரண்டு வாட் எடுக்கும். இரண்டு மாதம் முழுக்க விட்டாலும் மூன்று யூனிட்டுக்குள்தான். 3200 மீட்டரில் இரண்டு வாட் என்பது ஒன்பது, பத்து நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் நிமிடத்துக்கு நாலைந்து முறை சிமிட்டுகிறது என்றால், அது மெஷின் அல்ல. மாடியில் மறந்துவிட்ட விளக்கு, இன்வெர்ட்டர், சிசிடிவி பெட்டி என்று எம்.சி.பி.யை ஒவ்வொன்றாக இறக்கி, எதை இறக்கும்போது சிமிட்டல் நிற்கிறது என்று பாருங்கள்.